ரூட் கெனாலில் ஹைப்போகுளோரைட்: எந்தச் செறிவு, எந்த ஊசி, விபத்து நேர்ந்தால் என்ன

ரூட் கெனால் பழகும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எத்தனை சதவீதம் ஹைப்போகுளோரைட் போடலாம் டாக்டர்?" என்றுதான். அதை உள்ளே செலுத்தும் ஊசியின் தடிமன் என்ன, அது வேர்க்குழாய்க்குள் எதுவரை போக வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. செறிவு முக்கியம்தான். ஆனால் மருந்து வேர்நுனியைத் தாண்டி எலும்புக்குள் போகுமா போகாதா என்பதை முடிவு செய்வது செறிவு அல்ல, ஊசியும் அதை அழுத்தும் விரலும்தான். தாண்டிப் போனபின் எவ்வளவு சேதம் என்பதில்தான் செறிவுக்குப் பங்கு. இந்த வழிகாட்டியில் இரண்டையும் பார்க்கிறேன். ஊசிக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்கிறேன்.

## ஏன் இந்த மருந்து

ஃபைல் வேர்க்குழாயை முழுக்கச் சுரண்டிவிடும் என்று முதலில் எல்லோரும் நம்புகிறோம். உண்மையில் வேர்க்குழாய் வட்டமான ஒரு குழாய் அல்ல. சில இடத்தில் நீள்வட்டமாக, சில இடத்தில் இரண்டு குழாய்களை இணைக்கும் மெல்லிய பிளவாக, வேர்நுனிப் பக்கம் பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கும். சுழலும் ஃபைல் நடுவில் ஒரு வட்டப் பாதையை வெட்டிக்கொண்டு போகிறது. குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ ஃபைல் தொடாமலே இருந்துவிடுவதை நுண் சி.டி. படங்கள் காட்டியிருக்கின்றன. அங்கே பற்கூழின் மிச்சமும், சுவரில் படலமாக ஒட்டிய பாக்டீரியாவும் இருக்கும். அவற்றைத் தேடிப் போகக்கூடியது திரவம் மட்டும்தான்.

சோடியம் ஹைப்போகுளோரைட் அங்கே போய் இரண்டு வேலை செய்கிறது. கிருமியைக் கொல்கிறது, கூடவே செத்த திசுவைக் கரைக்கிறது. கிருமியைக் கொல்ல வேறு மருந்துகளும் உண்டு. குளோர்ஹெக்சிடின் நன்றாகவே கொல்லும். ஆனால் அதனால் ஒரு துளி பற்கூழைக்கூடக் கரைக்க முடியாது. கரைக்கும் திறன்தான் ஹைப்போகுளோரைட்டை இத்தனை ஆண்டுகளாக முதலிடத்தில் வைத்திருக்கிறது. அதன் காரத்தன்மை கொழுப்பைச் சோப்பாக்குகிறது, புரதத்தை உடைக்கிறது. அதிலுள்ள குளோரின் புரதத்தின் அமினோ பகுதிகளோடு சேர்ந்து நுண்ணுயிரியின் நொதிகளை முடக்குகிறது.

இந்த வேலையில் குளோரின் செலவாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. குழாய்க்குள் இருக்கும் திரவம் மிகக் கொஞ்சம். திசுவோடும் டென்டினோடும் வினைபுரிந்து முதல் ஓரிரு நிமிடங்களிலேயே அதன் வீரியம் பெருமளவு குறைந்துபோகும். "அரை மணி நேரம் ஹைப்போகுளோரைட் வைத்திருந்தேன்" என்று ஒருவர் சொன்னால் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். மாற்றாமல் வைத்திருந்தால் பெரும்பாலான நேரம் குழாய்க்குள் இருந்தது உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் வரும் ஒன்றுதான்.

அதே கரைக்கும் குணம்தான் இதன் ஆபத்தும். செத்த திசு எது, உயிருள்ள திசு எது என்று இந்த மருந்துக்குத் தெரியாது. வேர்நுனியைத் தாண்டினால் அங்கிருக்கும் ரத்தக் குழாய், நரம்பு, கொழுப்பு எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

## செறிவை எப்படித் தேர்வது

0.5 முதல் 6 சதவீதம் வரை பயன்பாட்டில் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஹென்றி டேகின் காயங்களைக் கழுவப் பயன்படுத்திய கரைசல் ஏறத்தாழ 0.5 சதவீதம். அவ்வளவு நீர்த்த கரைசலே காயத்தில் அழுகிய சதையைக் கரைத்தது. அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், 5 சதவீதம் உயிருள்ள திசுவுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம்.

செறிவு கூடினால் திசு வேகமாகக் கரையும். இதில் சர்ச்சை இல்லை. ஆனால் அந்த வேகம் நோயாளியின் பல் குணமாவதில் எவ்வளவு தெரிகிறது என்பது வேறு கேள்வி. 1 சதவீதத்தையும் 5 சதவீதத்தையும் நோயாளிகளிடம் நேரடியாக ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஓராண்டு கழித்து வேர்நுனிப் புண் ஆறிய விகிதத்தில் புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நீர்த்த கரைசலும் வேலை செய்கிறது. என்ன, அதை அதிக அளவில், அடிக்கடி மாற்றி, அதிக நேரம் ஊற்ற வேண்டும். மறுபக்கம், 5 சதவீதத்துக்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் டென்டினின் கொலாஜன் சிதைந்து, வேரின் வளையும் வலிமை குறைகிறது.

என் வழக்கம் இது. வேர்நுனி முழுதாக வளர்ந்து, ஃபைல் நுனியில் நன்றாகப் பிடிக்கிற சாதாரணப் பல்லுக்கு 2.5 அல்லது 3 சதவீதம். ரப்பர் டேம் கசியாமல் இருந்து, உள்ளே நிறையப் பற்கூழ் மிச்சம் இருக்கும் கடைவாய்ப்பல் என்றால் 5 சதவீதம் வைப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேர்நுனி இன்னும் மூடாத இளம் பல், வேர் அரிக்கப்பட்ட பல், எங்காவது ஓட்டை விழுந்த பல் என்றால் 1 சதவீதத்துக்கு இறங்கிவிடுவேன். இளம் பல்லில் பற்கூழை மீண்டும் வளரவைக்கும் சிகிச்சை தனி வகை. அங்கே வேர்நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் சாகக்கூடாது என்பதால், அமெரிக்க எண்டோடான்டிஸ்டுகள் சங்கம் 1.5 சதவீதக் கரைசலை ஒரு குழாய்க்கு 20 மி.லி., ஐந்து நிமிடம் என்று பரிந்துரைக்கிறது.

ஆனால் செறிவைக் குறைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஊசியை அலட்சியமாகப் பிடிக்கக் கூடாது. 1 சதவீதமும் எலும்புக்குள் அழுத்தத்தோடு போனால் வலியும் வீக்கமும் தரும்.

நீர்க்கச் செய்வது எளிய கணக்கு. 5 சதவீதத்தில் 50 மி.லி. எடுத்து 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 2.5 சதவீதம். 3 சதவீதத்தில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்தால் 1 சதவீதம். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கலந்துகொள்ளுங்கள். வெளிச்சமும் வெப்பமும் காற்றும் குளோரினைத் தின்றுவிடும்; அதனால் ஒளிபுகாத பாட்டில், இறுக்கமான மூடி, குளிர்ந்த இடம். ஒரு மாதமாக ஜன்னலோரம் நிற்கும் பாட்டிலில் 5 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 5 இருக்காது. வீட்டுத் தரை துடைக்கும் ப்ளீச்சைப் பல்லுக்குள் ஊற்ற வேண்டாம். அதன் செறிவும் நிச்சயமில்லை, அதில் சேர்த்திருக்கும் வாசனைப் பொருளும் நுரைப்பொருளும் நமக்கு வேண்டாதவை.

## தொடங்கும் முன்

முதலில் ரப்பர் டேம். அது இல்லாமல் ஹைப்போகுளோரைட் எடுப்பதே தவறு. போட்டபின் ஈறோரம் கசிகிறதா என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கசிந்தால் அடைப்புப் பசையால் மூடுங்கள். நடுவில் நோயாளி "வாயில் ப்ளீச் மாதிரிக் கசக்கிறது" என்று கைகாட்டினால் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நிறுத்தி, வாயைக் கொப்பளிக்கவைத்து, டேமைச் சரி செய்யுங்கள். டேமுக்கு அடியில் தேங்கும் கரைசல் ஈறையும் உதட்டையும் மெதுவாகச் சுடும். மரத்துப்போயிருப்பதால் நோயாளிக்கு அது வீட்டுக்குப் போனபின்தான் தெரியும்.

நோயாளிக்குக் கண்ணாடி, மார்பில் நீர்புகாத விரிப்பு, உங்களுக்கும் உதவியாளருக்கும் கண்ணாடி. நிரப்பிய சிரிஞ்சை நோயாளியின் முகத்துக்கு மேலே கைமாற்றாதீர்கள். கண்ணில் தெறித்துவிட்டால் அடுத்த கணமே நீரோ சலைனோ கொண்டு நிறுத்தாமல் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு கண் மருத்துவர். கழுவுவதற்கு முன் யாரையும் கூப்பிட்டுக் கேட்க நேரம் செலவிடக் கூடாது.

இன்னொன்று, படிக்கும்போது நம்பமுடியாததாகத் தோன்றும். மரத்துப்போவதற்கான மருந்து என்று நினைத்து ஹைப்போகுளோரைட்டை ஈறில் ஏற்றிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டும் நிறமற்றவை; பெயர் எழுதாத கிண்ணத்தில் ஊற்றி, ஒரே மாதிரியான சிரிஞ்சில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. எனவே மரப்பு மருந்து கார்ட்ரிட்ஜிலிருந்து மட்டும். ஹைப்போகுளோரைட் சிரிஞ்ச் வேறு அளவில், நிற ஒட்டுத்தாளோடு. கிண்ணத்திலும் பெயர் இருக்க வேண்டும்.

## ஊசி: கேஜும் ஆழமும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கழுவுவதற்கான ஊசி 30 கேஜ். நுனி மூடி, பக்கவாட்டில் துளை உள்ளது. அதன் வெளிவிட்டம் 0.31 மி.மீ. பலர் கைக்குக் கிடைத்ததென்று எடுக்கும் 26 கேஜ் இன்ஜெக்‌ஷன் ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 0.45 மி.மீ.; நுனி திறந்திருக்கும். எண்ணில் சிறிய வித்தியாசம். குழாய்க்குள் அது என்ன செய்கிறது என்று ஒரே ஒரு குழாயை எடுத்துப் பார்ப்போம்.

ஒரு மேல் முன்கடைவாய்ப்பல்லில் வொர்க்கிங் லென்த் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 அளவு, 6 சதவீத டேப்பர் ஃபைல் வரை பெரிதாக்கியாகிவிட்டது. அப்படியானால் நுனியில் குழாயின் விட்டம் 0.25 மி.மீ. மேலே வர வர ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.06 மி.மீ. கூடும். நுனிக்கு 2 மி.மீ. மேலே 0.37, 3 மி.மீ. மேலே 0.43, 4 மி.மீ. மேலே 0.49.

30 கேஜ் ஊசியின் 0.31 மி.மீ. விட்டம் 18 மி.மீ. ஆழத்தில், அதாவது நுனிக்கு 2 மி.மீ. மேலே, சுவரைத் தொடாமல் நிற்கும். சுற்றிலும் கொஞ்சம் இடம் இருப்பதால் உள்ளே போன திரவம் ஊசியின் ஓரமாகவே மேலேறி வெளியே வந்துவிடும். 26 கேஜ் ஊசியோ நுனிக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே சுவரில் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடித்திருப்பவர், "நுனியிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளித்தானே இருக்கிறேன்" என்று நினைப்பார். ஆனால் ஊசி தக்கை போல மேல்வழியை அடைத்துவிட்டது. இனி அழுத்தும் ஒவ்வொரு துளிக்கும் ஒரே வழிதான், வேர்நுனி. தூரம் பாதுகாப்பு தருவது ஊசி தளர்வாக இருக்கும்வரைதான்.

ஆகவே ஊசியைக் குழாய்க்குள் விடும் முன் ரப்பர் ஸ்டாப்பை 18 மி.மீ.யில் வையுங்கள். ஸ்டாப் தளர்ந்திருந்தால் ஊசியிலேயே ஒரு வளைவு கொடுத்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தை அழுத்தாமல் முதலில் ஊசியை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள். எங்காவது பிடித்தால் அங்கிருந்து ஒரு மில்லிமீட்டராவது மேலே இழுத்துவிட்டுத்தான் அழுத்தத் தொடங்க வேண்டும். அழுத்தும் நேரம் முழுவதும் ஊசி நிற்கக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் மேலும் கீழுமாக அசைந்துகொண்டே இருக்கட்டும்; அசைகிற ஊசி மாட்டிக்கொள்ளாது.

சிரிஞ்ச் திருகிப் பூட்டும் வகையாக இருக்கட்டும். செருகும் வகை அழுத்தத்தில் கழன்று முகத்தில் தெறிக்கும். சிரிஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தாமல் ஆள்காட்டி விரலால் அழுத்துங்கள். கட்டைவிரலுக்கு வேண்டாத பலம் இருக்கிறது. ஒரு மி.லி. உள்ளே போக 15 நொடியாவது ஆக வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும்? பல்லின் வாயிலில். உள்ளே போகும் அளவுக்குத் திரவம் அங்கே திரும்பி வந்து உறிஞ்சு குழாய்க்குள் போக வேண்டும். திரும்பி வருவது நின்றுவிட்டு, சிரிஞ்ச் மட்டும் காலியாகிக்கொண்டிருந்தால் அந்தத் திரவம் எங்கே போகிறது என்பதை யோசிக்கக்கூட நேரமில்லை, விரலை எடுங்கள்.

## கழுவும் வரிசை

குழாயின் வாயிலைத் திறந்தவுடன் பல்லின் அறையை ஹைப்போகுளோரைட்டால் நிரப்பிவிடுங்கள். முதல் சிறிய ஃபைல் அந்தக் குளத்துக்குள்தான் இறங்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஊசியை ஆழமாக விட முயலாதீர்கள். குழாய் இன்னும் பெரிதாகவில்லை, ஊசி மாட்டத்தான் செய்யும். மேல் மூன்றில் ஒரு பங்கிலேயே ஊற்றுங்கள். ஃபைல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுபோகும்.

பிறகு ஒவ்வொரு ஃபைல் மாற்றும்போதும் 2 மி.லி. குழாய் பெரிதாகப் பெரிதாக ஊசியும் ஆழம் போகும். கடைசி ஃபைல் முடியும்போதுதான் அது 18 மி.மீ.யைத் தொடும். சின்ன அளவோடு நிறுத்திவிட்டால் ஊசி நுனிப்பகுதியை எட்டவே எட்டாது. நுனி மூடிய ஊசியின் துளையிலிருந்து ஒரு மில்லிமீட்டரோ சற்று அதிகமோ கீழே வரைதான் திரவம் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கும் கீழே போக அசைவு வேண்டும்.

அசைவுக்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. குழாய்க்குப் பொருந்தும் கட்டா பெர்ச்சா கூம்பை எடுத்து, ஹைப்போகுளோரைட் நிரம்பிய குழாய்க்குள் வொர்க்கிங் லென்த்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக விட்டு, 2 அல்லது 3 மி.மீ. அளவுக்கு மேலும் கீழும் அசையுங்கள். ஒரு நிமிடத்தில் நூறு முறை என்ற வேகம் போதும். நுனியில் சிக்கியிருக்கும் காற்றுக்குமிழி இதில் உடையும். அல்ட்ராசோனிக் இருந்தால் 20 நொடியாக மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் புதுத் திரவம். நுனி திறந்த பல்லில் இந்த அசைவையும் அடக்கித்தான் செய்ய வேண்டும்.

ஃபைல் வேலை முடிந்ததும் சுவரில் ஒரு தூள் படலம் அப்பியிருக்கும். அதில் கனிமப் பகுதியை ஹைப்போகுளோரைட் கரைக்காது. அதற்கு 17 சதவீத இ.டி.டி.ஏ. ஒரு நிமிடம். ஊற்றும் முன் குழாயிலுள்ள ஹைப்போகுளோரைட்டை உறிஞ்சி எடுங்கள். இரண்டும் கலந்தால் இ.டி.டி.ஏ. குளோரினைக் காலி செய்துவிடும். அதன்பின் கடைசியாக ஒரு குறுகிய ஹைப்போகுளோரைட் கழுவல் கொடுத்து, காகித முனையால் உலர்த்தலாம். குறுகிய என்று சொல்வதற்குக் காரணம், இ.டி.டி.ஏ.வுக்குப் பிறகு திறந்திருக்கும் கொலாஜனை ஹைப்போகுளோரைட் நீண்ட நேரம் தொட்டால் டென்டின் அரிக்கப்படும்.

குளோர்ஹெக்சிடின் கடைசியில் வேண்டும் என்று விரும்புபவர்கள் நடுவில் சலைனால் நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டுப் போட வேண்டும். நேரடியாகச் சேர்ந்தால் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வீழ்படிவு உண்டாகி டென்டின் துளைகளை அடைத்துப் பல்லையும் கறைப்படுத்தும். ஹைட்ரஜன் பெராக்சைடை மாற்றி மாற்றி ஊற்றும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வினையில் கிளம்பும் வாயு திசுவுக்குள் ஏறக்கூடும். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயுவே வரும்.

## விபத்து நேர்ந்தால்

மேலே கணக்குப் போட்ட பல் கற்பனை அல்ல. நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்தது அது. முப்பதுகளில் இருந்த ஒரு பெண், மேல் இடது இரண்டாம் முன்கடைவாய்ப்பல், வேர்நுனியில் பழைய புண். 30 கேஜ் ஊசி தீர்ந்திருந்தது. 26 கேஜ் ஊசியை எடுத்தேன். 5 சதவீதக் கரைசல். கடைசிக் கழுவலின்போது சிரிஞ்ச் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது தெரிந்தது. ஊசிக்குள் தூள் அடைத்திருக்கும் என்று எண்ணி இன்னும் சற்று அழுத்தினேன். நன்றாக மரத்திருந்த அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

இதுதான் முதல் அடையாளம். மரத்த நிலையிலும் திடீரென்று வரும் தாங்கமுடியாத வலி. அடுத்த சில நொடிகளில் குழாயிலிருந்து ரத்தம் பொங்கி வந்தது. ரத்தக் குழாய்ச் சுவர்களையே மருந்து கரைத்துவிடுவதால் அது சட்டென்று நிற்காது. இரண்டு நிமிடத்தில் கன்னமும் மேலுதடும் கண்ணுக்குக் கீழ்வரை வீங்கின. மேல் கடைவாய்ப்பல்லாக இருந்து சைனஸுக்குள் போயிருந்தால் வீக்கம் குறைவாக இருந்து, மூக்கிலும் தொண்டையிலும் குளோரின் நெடியும் எரிச்சலும் வந்திருக்கும். வீங்கிய இடத்தை அழுத்தும்போது நொறுநொறுவென்று காற்று நகர்வது போல உணர்ந்தால், அது திசுவுக்குள் காற்று புகுந்த வேறொரு நிலை. முகம் வீங்கியவுடன் மருந்து ஒவ்வாமை என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. ஒவ்வாமையில் இந்த வலியோ குழாய் ரத்தமோ இருக்காது. உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் போன்றவை பார்க்க வேண்டியவை.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில். ஊசியை வெளியே எடுங்கள். என்ன நடந்தது என்பதை நோயாளியிடம் நேராகச் சொல்லுங்கள்: "கழுவும் மருந்து வேருக்கு வெளியே போய்விட்டது, வலிக்கும், வீங்கும், நான் கூடவே இருக்கிறேன்" என்று. பயம் பாதி குறைவது அதில்தான். வலிக்கு அந்த இடத்திலிருந்து தள்ளி ஒரு நரம்புத் தடுப்பு ஊசி. வீங்கிய திசுவுக்குள்ளேயே குத்த வேண்டாம். குழாயை அடைக்காதீர்கள். வரும் ரத்தம் மருந்தையும் வெளியே கொண்டுவருகிறது. வாயிலில் உறிஞ்சு குழாயை வைத்து வடியவிடுங்கள். சலைன் ஊற்றுவதானால் பல்லின் அறையில் மட்டும், அழுத்தமே இல்லாமல். "கழுவி எடுத்துவிடலாம்" என்று சலைனை ஆழத்தில் அழுத்தினால் உள்ளே இருக்கும் மருந்தை இன்னும் தள்ளிப் பரப்புவோம்.

வடிதல் நின்றபின்தான் தற்காலிகமாக மூடுவது. முதல் 24 மணி நேரம் வெளியிலிருந்து குளிர் ஒத்தடம், 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுத்து. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடமும் இளஞ்சூட்டு உப்புநீர்க் கொப்பளிப்பும். ரத்தக்கட்டு கரைய அது உதவும். வலிக்கு, வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இல்லாதவருக்கு, ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்து. ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் கட்டாயமில்லை. ஏற்கெனவே தொற்று இருந்த பல், திசு பரவலாகச் செத்திருக்கும் சாத்தியம் என்றால் கொடுக்கலாம். ஸ்டீராய்டை வீக்கத்தின் அளவையும் நோயாளியின் உடல்நிலையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தூக்கப்படுவது, மூச்சு வாங்குவது, பார்வை மங்குவது, காய்ச்சல், வீக்கம் கழுத்துக்கு இறங்குவது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே வாய்-முகத்தாடை அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு, முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். கீழ்த்தாடைப் பல்லில் இது நேரும்போது மூச்சுப்பாதையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். உதட்டிலோ கன்னத்திலோ மரப்பு நீடித்தால் அதன் எல்லையை அன்றே குறித்துவைத்தால்தான் பிறகு குறைகிறதா என்று சொல்ல முடியும்.

அந்த அம்மாவுக்கு இவை எதுவும் வரவில்லை. மறுநாள் வீக்கம் உச்சத்தில் இருந்தது, கண் பாதி மூடியிருந்தது. மூன்றாம் நாள் கன்னத்திலிருந்து வாயோரம் வரை கருநீலம் இறங்கியது. அது வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் பதறவில்லை. முதல் வாரம் தினமும் வரச்சொல்லிப் பார்த்தேன். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இரண்டரை வாரத்தில் முகம் பழையபடி ஆனது. மூக்கோரம் ஒரு சின்ன இடத்தில் இருந்த மரப்பு மட்டும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது.

பல்லை ஆறாவது வாரம் முடித்தேன். அதற்கு முன் எடுத்த சி.டி. படத்தில், வேர்நுனிக்கு மேல் கன்னப்பக்க எலும்பே இல்லை. புண் அந்த மெல்லிய தகட்டைத் தின்றுவிட்டிருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் இது தெரிந்திருக்க வழியில்லை. மேல்பற்களில், அதுவும் கோரைப்பல், முன்கடைவாய்ப்பல்களில், இப்படி வேர் நேராகக் கன்னத் திசுவைப் பார்த்துக்கொண்டிருப்பது அபூர்வம் அல்ல. இரண்டாம் முறை 1 சதவீதக் கரைசல், 30 கேஜ் ஊசி, ஸ்டாப் 17 மி.மீ.யில். ஒரு மி.லி. உள்ளே போக ஏறத்தாழ 20 நொடி எடுத்துக்கொண்டேன். போனதெல்லாம் திரும்பி வருகிறதா என்று உதவியாளரையும் பார்க்கச் சொன்னேன். வந்தது.